புல்லி தாங்கும் ஷாஃப்ட்டில் ஒரு புள்ளியின் தகைவுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே ஷாஃப்ட்டை வைத்தே பதில் சொல்கிறேன். தவிட்டைத் தள்ளிச் செல்லும் ஒரு ஸ்க்ரூ கன்வேயர். அதன் ஓட்டு ஷாஃப்ட் 40 மி.மீ. விட்டமுள்ளது, இரண்டு பேரிங்குகளில் படுத்திருக்கிறது. பேரிங்குகளுக்கு இடைவெளி 600 மி.மீ. சரி நடுவில் 400 மி.மீ. விட்டமுள்ள புல்லி. ஷாஃப்ட்டின் இடது முனை ஸ்க்ரூவோடு இணைகிறது. இடப்பக்கப் பேரிங் பக்கவாட்டு விசையை மட்டும் தாங்கும். வலப்பக்கப் பேரிங்தான் ஷாஃப்ட்டின் நீளவாக்கில் வரும் தள்ளலையும் தாங்கும் திரஸ்ட் பேரிங். நிமிடத்துக்கு 150 சுற்று, திறன் 3.75 கிலோவாட். பெல்ட் கிடைமட்டமாக, ஷாஃப்ட்டுக்கு முன்னால் இருக்கும் வேறொரு ஷாஃப்ட்டிலிருந்து வருகிறது. ஸ்க்ரூ தவிட்டைத் தள்ளும்போது தவிடு ஷாஃப்ட்டை 4 கிலோநியூட்டன் விசையோடு திருப்பித் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

இழுவை, வளைவு, முறுக்கு மூன்றின் தகைவையும் தனித்தனியாகக் கண்டுபிடித்துவிட்டேன். மூன்றையும் கூட்டினால் போதுமா?

போதாது. முதல் இரண்டைக் கூட்டலாம், மூன்றாவதைக் கூட்டக் கூடாது. அச்சு விசையும் வளைவும் ஷாஃப்ட்டின் குறுக்குவெட்டுக்குச் செங்குத்தாக இழுக்கின்றன அல்லது அமுக்குகின்றன. இரண்டுக்கும் திசை ஒன்றே, ஆகவே கூட்டல் கழித்தல் குறியைக் கவனித்துக் கூட்டிவிடலாம். முறுக்கினால் வரும் தகைவோ அந்த வெட்டுமுகத்தின் மேலேயே வழுக்குவது போலச் செயல்படும் சறுக்குத் தகைவு. செங்குத்தாக இருப்பதையும் படுத்திருப்பதையும் கூட்டி ஒரே எண்ணாக்க முடியாது. இரண்டையும் ஒரு சிறு சதுரத் துண்டின் முகங்களில் எழுதி, அந்தத் துண்டைத் திருப்பிப் பார்த்துத்தான் மிகப் பெரிய தகைவைக் கண்டுபிடிக்க வேண்டும். மோர் வட்டம் செய்வது இதைத்தான்.

மாணவர்களின் விடைத்தாள்களில் நான் அதிகம் பார்க்கும் தவறு இந்தக் கூட்டல் அல்ல. எந்தப் புள்ளி என்று சொல்லாமலேயே கணக்கைத் தொடங்கிவிடுவதுதான். தகைவு ஷாஃப்ட்டுக்குரியது அல்ல, புள்ளிக்குரியது. முதலில் எந்த வெட்டுமுகம் என்று சொல்லுங்கள். பிறகு அந்த வெட்டுமுகத்தின் விளிம்பில் எந்த இடம் என்று சொல்லுங்கள். அதற்குப் பின் கணக்கு பாதி முடிந்த மாதிரிதான்.

பெல்ட் விசைக்கு இறுக்கமான பக்கத்தையும் தளர்ந்த பக்கத்தையும் கழிக்க வேண்டுமா, கூட்ட வேண்டுமா?

இரண்டும் வேண்டும், ஆனால் வெவ்வேறு வேலைக்கு. முறுக்குவது கழித்தல், வளைப்பது கூட்டல்.

திறனிலிருந்து திருப்பு விசை வருகிறது:

```
T = 60 × 3750 / (2π × 150) = 238.7 N·m
F1 − F2 = 238.7 / 0.2 = 1194 N
```

இறுக்கமான பக்கம் தளர்ந்த பக்கத்தைப் போல மூன்று மடங்கு என்று எடுத்துக்கொண்டால் தளர்ந்த பக்கம் 597, இறுக்கமான பக்கம் 1791 நியூட்டன். இரண்டும் ஷாஃப்ட்டை ஒரே திசையில், முன்பக்கமாக இழுக்கின்றன. ஆகவே ஷாஃப்ட்டை வளைக்கும் விசை 2388 நியூட்டன், அதாவது முறுக்கும் விசையைப் போல இரு மடங்கு.

புல்லியின் எடை 250 நியூட்டன் என்றால் அது கீழ்நோக்கி, பெல்ட் இழுப்புக்குச் செங்குத்தாக இருக்கிறது. இரண்டின் தொகுவிசை 2401 நியூட்டன். பதின்மூன்று நியூட்டன்தான் கூடியது. ஆனால் எடையை எப்போதும் விட்டுவிடலாம் என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். பெல்ட் மேலிருந்து கீழாக இழுத்தால் எடை முழுதும் நேராகக் கூடும்.

புல்லி நடுவில் இருப்பதால் வளைவுத் திருப்புத்திறன் அங்கேதான் உச்சம்:

```
M = 2401 × 0.6 / 4 = 360 N·m
```

அச்சு விசை 4 கிலோநியூட்டன் என்றால் ஷாஃப்ட் முழுவதும் அதே விசைதானா?

இல்லை. விசை எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்று ஒரு விரலால் ஷாஃப்ட் மேலே கோடு போட்டுப் பாருங்கள். தள்ளல் ஸ்க்ரூவிலிருந்து நுழைகிறது, இடப்பக்கப் பேரிங்கைத் தாண்டுகிறது (அது நீளவாக்கில் எதையும் பிடிக்காது), புல்லியைத் தாண்டுகிறது, வலப்பக்கத் திரஸ்ட் பேரிங்கில் வெளியேறுகிறது. ஆகவே ஸ்க்ரூவிலிருந்து திரஸ்ட் பேரிங் வரை அமுக்கம். அதற்கு வெளியே ஒன்றுமில்லை.

அதே விரலால் திருப்பு விசைக்கும் கோடு போடுங்கள். அது புல்லியில் நுழைந்து ஸ்க்ரூவில் வெளியேறுகிறது. ஆகவே புல்லிக்கு இடப்பக்கம் மட்டுமே முறுக்கு இருக்கிறது. புல்லிக்கும் வலப்பக்கப் பேரிங்குக்கும் நடுவே ஷாஃப்ட் சுழல்கிறது, வளைகிறது, அமுங்குகிறது, ஆனால் முறுக்கப்படவில்லை.

இந்த இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் வளைவும் உச்சமாக இருந்தால் அதுதான் ஆபத்தான வெட்டுமுகம். நம் ஷாஃப்ட்டில் அது புல்லிக்குச் சற்றே இடப்பக்கம். அங்கு மூன்றும் இருக்கின்றன.

திரஸ்ட் பேரிங்கை ஸ்க்ரூவின் மறுமுனையில் வைத்திருந்தால் கதையே மாறியிருக்கும். தவிடு ஸ்க்ரூவைப் பின்னுக்குத் தள்ள, மறுமுனை அதைப் பிடித்துக்கொள்ளும். அப்போது ஸ்க்ரூ இழுவையில் இருக்கும். நம் ஓட்டு ஷாஃப்ட்டில் அச்சு விசையே இருக்காது. நீண்டு மெலிந்த ஸ்க்ரூ அமுக்கத்தில் வளைந்துபோகும் பயமும் போய்விடும்.

சரி, புல்லி இருக்கும் வெட்டுமுகத்தில் எந்தப் புள்ளி மோசமானது? ஒரு முறை முழுதாகப் போட்டுக் காட்டுங்கள்.

முதலில் மூன்று தகைவுகள். விட்டம் 40 மி.மீ. என்பதால் பரப்பு 1257 சதுர மி.மீ.

```
அச்சு    : 4P / πd²   = 4 × 4000 / (π × 40²)      = 3.2 MPa
வளைவு   : 32M / πd³ = 32 × 360000 / (π × 40³)  = 57.3 MPa
முறுக்கு : 16T / πd³  = 16 × 238700 / (π × 40³)  = 19.0 MPa
```

இப்போது குறி. ஷாஃப்ட் இரண்டு முனையிலும் பிடிக்கப்பட்டிருக்க, நடுவில் பெல்ட் முன்பக்கமாக இழுக்கிறது. ஒரு மூங்கில் கழியின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு நடுவை முன்னால் இழுத்தால் முன்புறம் விரியும், பின்புறம் சுருங்கும். ஆகவே பெல்ட் இழுக்கும் பக்கத்துப் புள்ளியில் வளைவு இழுவையாகவும், எதிர்ப் பக்கத்துப் புள்ளியில் அமுக்கமாகவும் வரும். அச்சுத் தகைவு இரண்டு புள்ளியிலும் அமுக்கம்தான்.

```
முன்புறம் : σ = +57.3 − 3.2 = +54.1 MPa,  τ = 19.0 MPa
பின்புறம் : σ = −57.3 − 3.2 = −60.5 MPa,  τ = 19.0 MPa
```

பின்புறப் புள்ளியை எடுத்துக்கொள்வோம். வட்டத்தின் மையம் 60.5இல் பாதி, அதாவது −30.25. ஆரம்:

```
R  = √(30.25² + 19.0²) = 35.7 MPa
σ1 = −30.25 + 35.7 ≈ +5.5 MPa
σ2 = −30.25 − 35.7 ≈ −66.0 MPa
```

உச்ச சறுக்குத் தகைவு 35.7 மெகாபாஸ்கல். முன்புறத்தில் இதே கணக்கு 60.1, −6.0 என்ற முதன்மைத் தகைவுகளையும் 33.1 என்ற உச்ச சறுக்கையும் தரும். உலோகம் இளகத் தொடங்கும் தகைவோடு ஒப்பிட உதவும் வான் மீசஸ் முறையில் பின்புறம் 68.9, முன்புறம் 63.3. நிலையான சுமையாக மட்டும் பார்த்தால் பின்புறம் சற்று மோசம், காரணம் அச்சு அமுக்கம் அங்கே வளைவோடு சேர்ந்துகொண்டது.

பின்புறம் முழுதும் அமுங்கிக் கிடக்கும் இடம்தான், ஆனாலும் ஒரு முதன்மைத் தகைவு இழுவையாக, 5.5 மெகாபாஸ்கலாக வந்திருக்கிறது. முறுக்கு கொண்டுவந்தது அது. சரியாகப் போட்டீர்களா என்று சோதிக்கவும் இது உதவும்: மேற்பரப்பில் இந்த வகைக் கணக்கில் இரண்டு முதன்மைத் தகைவுகளும் எப்போதும் எதிரெதிர்க் குறியோடுதான் வரும், ஏனெனில் அவற்றின் பெருக்கற்பலன் −τ². இரண்டும் ஒரே குறியில் வந்தால் எங்கோ தவறு.

ஷாஃப்ட்டின் உச்சியிலும் அடியிலும் உள்ள புள்ளிகளைக் கண்டுகொள்ளவே இல்லையே?

அங்கே வளைவு கிட்டத்தட்ட பூஜ்யம். அதற்குப் பதிலாகப் பக்கவாட்டு விசையின் சறுக்குத் தகைவு உச்சத்தில் இருக்கிறது. வெட்டுமுகத்தில் அந்த விசை 1200 நியூட்டன். `4V/3A` என்ற சூத்திரப்படி 1.3 மெகாபாஸ்கல். ஒரு புள்ளியில் அது முறுக்குத் தகைவோடு கூடி 20.3 ஆகும், எதிர்ப் புள்ளியில் கழிந்து 17.7 ஆகும். 35.7க்கு முன்னால் இது சிறியது. ஷாஃப்ட் மிகக் குட்டையாக, புல்லி பேரிங்கை ஒட்டியே இருந்தால் மட்டும் இந்தப் புள்ளிகளையும் பாருங்கள்.

இந்த உலோகம் இளகத் தொடங்குவது 330 மெகாபாஸ்கலில். நமக்கு வந்ததோ எழுபதுக்கும் குறைவு. இப்படிப்பட்ட ஷாஃப்ட் எப்படி உடைகிறது?

பாடப்புத்தகக் கணக்கு நின்றுவிடும் இடத்தில்தான் ஷாஃப்ட்டின் வாழ்க்கை தொடங்குகிறது. முன்புறம், பின்புறம் என்று நான் சொன்னவை காற்றில் நிற்கும் இடங்கள். உலோகத்தில் பொறித்தவை அல்ல. பெல்ட் இழுக்கும் திசை மாறுவதில்லை, ஷாஃப்ட்தான் சுழல்கிறது. மேற்பரப்பில் ஒரு சுண்ணாம்புப் புள்ளி வைத்தால் அது முன்னால் வரும்போது +54.1, அரைச் சுற்றில் பின்னால் போகும்போது −60.5. நிமிடத்துக்கு 150 முறை. நாளைக்கு எட்டு மணி நேரம் ஓடினால் 72,000 முறை. பதினான்கு வேலை நாளில் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும்.

ஆகவே வளைவுத் தகைவு முழுதும் ஊசலாடும் தகைவு, வீச்சு 57.3. அச்சுத் தகைவும் முறுக்குத் தகைவும், சுமை சீராக இருக்கும்வரை, ஊசலாடாமல் நிற்பவை. உலோகச் சோர்வுக்கு வீச்சுதான் முக்கியம். ஆகவே நிலைக் கணக்கில் மட்டும் பெரிதாகத் தெரிந்த பின்புறத்துக்கும் முன்புறத்துக்கும் இருந்த வித்தியாசம் இங்கே அர்த்தமிழந்துவிடுகிறது: ஒவ்வொரு புள்ளியும் இரண்டாகவும் இருக்கிறது.

இத்தோடு கீவேயை, அதாவது புல்லியை ஷாஃப்ட்டோடு பூட்டும் கீ உட்காரும் பள்ளத்தைச் சேருங்கள். 40 மி.மீ. ஷாஃப்ட்டுக்கு 12 மி.மீ. அகலக் கீ வழக்கம். ஷாஃப்ட்டில் 5 மி.மீ. ஆழம் வெட்டுவார்கள். அந்தப் பள்ளத்தின் முனையில், மூலை கூர்மையாக இருந்தால், வளைவுத் தகைவு ஏறக்குறைய இரு மடங்காகும். 2.1 மடங்கு என்று எடுத்தால் 57.3 என்பது 120 மெகாபாஸ்கல் வீச்சாகிறது. மறுபுறம் உலோகத்தின் சகிப்பு: இறுதி வலிமை 600 மெகாபாஸ்கல் என்றால் பளபளப்பாகத் தேய்த்த சிறு சோதனைக் கம்பிக்கு ஏறக்குறைய பாதி, 300. கடைசல் செய்த மேற்பரப்புக்கும் 40 மி.மீ. பருமனுக்கும் கழித்தால் சுமார் 210 மிஞ்சும். இப்போது ஒப்பிட வேண்டியது எழுபதையும் 330ஐயும் அல்ல, 120ஐயும் 210ஐயும். முறுக்கின் நிலையான பங்கும் கொஞ்சம் தின்றுவிடும். ஷாஃப்ட் தாங்கும், ஆனால் முதலில் நினைத்த அளவு தாராளம் இல்லை.

அச்சுத் தகைவு வெறும் 3.2 தானே. விட்டுவிடலாமா?

விட்டுவிடுமுன் ஒரு சிறு கணக்குப் போடுங்கள். அச்சு விசை P தரும் அதே தகைவை எவ்வளவு வளைவு தரும் என்று பார்த்தால் `M = Pd/8` என்று வரும். நம் ஷாஃப்ட்டில் 4000 × 0.04 / 8, அதாவது 20 நியூட்டன்-மீட்டர். வளைவு 360ஆக இருக்கும்போது 20 என்பது ஆறு சதவீதத்துக்கும் குறைவு. பெல்ட்டின் இறுக்கத்தைப் பற்றி நமக்கிருக்கும் நிச்சயமின்மை இதைவிடப் பெரியது.

இந்தச் சூத்திரம் இன்னொன்றையும் சொல்கிறது: ஷாஃப்ட் பருக்கப் பருக்க, அச்சு விசையின் பங்கு மற்ற இரண்டோடு ஒப்பிட்டால் ஏறுகிறது, ஏனெனில் அது விட்டத்தின் வர்க்கத்தில் குறைகிறது, மற்றவை கனத்தில் குறைகின்றன.

விடக் கூடாத இடம் ஒன்று உண்டு. கன்வேயரில் ஈரத் தவிடு அடைத்துக்கொண்டால் திருப்பு விசையும் தள்ளலும் சேர்ந்தே ஏறும். அந்தத் தள்ளலை முதலில் உணர்வது ஷாஃப்ட் அல்ல, திரஸ்ட் பேரிங். ஆகவே பேரிங்கைத் தேர்ந்தெடுக்க அந்த எண் அவசியம் வேண்டும்.

புல்லியை இரண்டு பேரிங்குகளுக்கு வெளியே தொங்க வைத்தால் எதெல்லாம் மாறும்?

இதே புல்லியை வலப்பக்கப் பேரிங்குக்கு வெளியே 150 மி.மீ. தள்ளி வையுங்கள். அந்தப் பேரிங் இருக்கும் வெட்டுமுகத்தில் வளைவு 2401 × 0.15, அதாவது மீண்டும் 360 நியூட்டன்-மீட்டர். 600 மி.மீ. இடைவெளியின் நடுவில் வைத்ததும் 150 மி.மீ. வெளியே தொங்கவிட்டதும் ஒன்றுதான். வெளியே தொங்குவது எவ்வளவு கடுமையானது என்று இதைவிட எளிதாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இழுவைப் பக்கமும் புரண்டுவிடும். தொங்கும் ஷாஃப்ட்டில் பெல்ட் இழுக்கும் பக்கம் அமுங்கும், எதிர்ப் பக்கம் விரியும். மூங்கில் கழியை ஒரு சுவரில் செருகி நுனியை இழுத்துப் பார்த்தால் தெரியும். நடுவில் வைத்த கணக்கின் குறியை அப்படியே எடுத்து இங்கே போடுபவர்கள் நிறையப் பேர்.

மூன்றாவது மாற்றம் நுட்பமானது. பேரிங்குக்குச் சற்று வெளியே வளைவும் முறுக்கும் இருக்கும், அச்சு விசை இராது. சற்று உள்ளே மூன்றும் இருக்கும். வெட்டுமுகம் ஒரு விரல் அகலம் நகர்ந்ததும் ஒரு தகைவு முழுதாக மறைந்துவிடுகிறது.

மோட்டார் எடுக்கும் ஆம்பியர் சரியாக இருக்கிறது, சுமையும் கூட்டவில்லை. ஆனாலும் ஷாஃப்ட் புல்லிக்கு அருகிலேயே உடைந்தது. எங்கே பார்ப்பது?

பெல்ட்டின் இறுக்கத்தைப் பாருங்கள். வழுக்குகிறதே என்று பெல்ட்டை இழுத்துக் கட்டினால் இரண்டு பக்கமும் சேர்ந்தே ஏறுகின்றன. கழித்தால் வருவது அதே 1194 நியூட்டன். ஆகவே திருப்பு விசை அதேதான், ஆம்பியர் மீட்டர் முள் அசையாது. கூட்டினால் வருவதுதான் ஏறுகிறது. இறுக்கமான பக்கம் தளர்ந்த பக்கத்தைப் போல இரு மடங்காகும்வரை இறுக்கினால் தளர்ந்த பக்கம் 1194, இறுக்கமான பக்கம் 2388, மொத்தம் 3582. வளைவு 360இலிருந்து ஏறக்குறைய 537க்கு ஏறும். தகைவு 57இலிருந்து 85க்கு. கீவேயின் முனையில் அது 180 வீச்சு. 210 சகிப்புக்கு அருகே போய்விட்டோம், ஒரு கிலோவாட்கூடக் கூட்டாமல்.

ஓர் அரிசி ஆலையில் இப்படி உடைந்த ஷாஃப்ட் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். உடைந்த முகம் ஷாஃப்ட்டின் நீளத்துக்கு ஏறக்குறைய செங்குத்தாக, தட்டையாக இருந்தது. கீவேயின் ஒரு மூலையிலிருந்து கிளம்பி, குளத்தில் கல் விழுந்த அலை போல வளைவு வளைவான கோடுகள் பரவியிருந்தன. அந்தப் பகுதி வழவழப்பாக இருந்தது. எதிர்ப் பக்கத்தில் நகத்தளவு இடம் மட்டும் மணல்போலச் சொரசொரப்பாக, கடைசியில் ஒரே நொடியில் கிழிந்தது. கிழிந்த இடம் அவ்வளவு சிறியதாக இருந்தால் கடைசி வரை சுமை அதிகமில்லை என்று அர்த்தம். விரிசல் பொறுமையாக, நெடுநாள் நடந்திருக்கிறது. முறுக்கினால் வந்த சோர்வாக இருந்திருந்தால் விரிசல் நாற்பத்தைந்து பாகை சாய்வில், திருகு போல ஏறியிருக்கும்.

ஆலைக்காரர் மோட்டாரைச் சந்தேகப்பட்டு அதைக் கழற்றி அனுப்பியிருந்தார். மோட்டாரில் குறை எதுவும் இல்லை. புது ஷாஃப்ட்டுக்குக் கீவே வெட்டும்போது பள்ளத்தின் முனையைச் செங்குத்தாக நிறுத்தாமல், தட்டு வடிவ வெட்டுக்கருவியால் மெல்ல மேலேறி முடியும்படி வெட்டச் சொன்னேன். புல்லியைப் பேரிங்கின் பக்கமாகவும் நகர்த்தச் சொன்னேன். நடுவிலிருந்து 100 மி.மீ. நகர்த்தினால் புல்லி இருக்கும் இடத்தில் வளைவு 360இலிருந்து 320க்கு இறங்கும், 150 மி.மீ. நகர்த்தினால் 270க்கு. பெல்ட்டின் இறுக்கத்தை அவர்களே பார்த்துக்கொள்ள, ஒரு நீள ஸ்கேலையும் கொக்கித் தராசையும் பக்கத்தில் தொங்கவிடச் சொன்னேன்: பெல்ட்டின் நடுவில் எப்போதும் அதே அளவு விசையால் இழுத்து, எவ்வளவு தொய்கிறது என்று அளந்து, முதல் நாள் எழுதிவைத்த எண்ணோடு ஒப்பிட வேண்டும்.